இரண்டு வயதுக் குழந்தை பேஸ்ட்டை விழுங்கிவிட்டது: என் கணக்கு சரியா, போனில் பேசியவர் சொன்னது சரியா?

மலர்விழி | 7 ஜூன், மாலை 6.10

மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம், எடை 11 கிலோ. இன்று காலை ஒன்பது மணிக்குக் குளியலறையில் சத்தமே இல்லை. அதுவே கெட்ட சகுனம்தான். போய்ப் பார்த்தால் எங்களுடைய பெரியவர்கள் பேஸ்ட்டை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வாயெல்லாம் வெள்ளை, சட்டையெல்லாம் வெள்ளை, தரையிலும் கொஞ்சம்.

உடனே விஷ உதவி எண்ணுக்கு அடித்தேன். மூன்றே கேள்விதான் கேட்டார்கள். குழந்தை எடை என்ன, பேஸ்ட்டில் ஃபுளோரைடு எத்தனை பிபிஎம், எவ்வளவு போயிருக்கும். முதல் கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரிந்தது. பின்பக்கம் படித்து 1450 என்று சொன்னேன். எவ்வளவு போயிருக்கும் என்பதற்கு "பாதி டியூப்கூட இருக்காது" என்றேன். அரை டம்ளர் பால் கொடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பார்த்துக்கொண்டிருங்கள், நாங்களே திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இரண்டு முறை கூப்பிட்டார்கள். பையன் ஒரு தடவை வாந்தி எடுத்தான், மதியம் லேசாக வயிற்றுப்போக்கு, இப்போது சோபாவில் குதிக்கிறான்.

சிக்கல் இனிமேல்தான். அவன் தூங்கின நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே பேஸ்ட்டில் திறக்காத டியூப் ஒன்று இருந்தது, தராசில் வைத்தேன், 114 கிராம். இவன் கடித்த டியூப் 73. ஆக 41 கிராம் காணோம். வியாழன் இரவுதான் திறந்தோம். அன்றிலிருந்து இன்று காலை வரை நானும் கணவரும் சேர்த்து 12 தடவை துலக்கியிருக்கிறோம், தடவைக்கு ஒரு கிராம் என்று வைத்தால் 12 கிராம். மீதி 29 கிராம்.

டியூபில் சோடியம் ஃபுளோரைடு 0.32% என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஒரு கிராமில் 3.2 மில்லிகிராம். 29 கிராமுக்குக் கிட்டத்தட்ட 93. பதினொன்றால் வகுத்தால் கிலோவுக்கு 8.4 மில்லிகிராம். எங்கே படித்தாலும் 5 தாண்டினால் மருத்துவமனை என்கிறார்கள். போனில் பேசியவர் பயப்படாதீர்கள் என்கிறார். யார் தப்பு?

பல்லாண்டு | 7 ஜூன், மாலை 6.31

குழந்தைகள் பல் மருத்துவம் பார்ப்பவன். முதலில், நீங்கள் போன் பண்ணின பிறகு கணக்குப் போட்டீர்கள். அந்த வரிசை சரி. பலர் கணக்கு முடியட்டும் என்று போனைத் தள்ளிப்போடுகிறார்கள்.

கணக்கில் ஒரே இடத்தில்தான் சறுக்கல். 0.32% என்பது சோடியம் ஃபுளோரைடு என்ற உப்பின் அளவு. நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ஃபுளோரைடு மட்டும். உப்பின் எடையில் பாதிக்கும் குறைவு, நூற்றுக்கு 45 பங்கு. மிச்சம் சோடியம். 0.32-ஐ 0.45-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.144% வரும், அதாவது 1440 பிபிஎம், உங்கள் டியூபில் போட்டிருக்கும் 1450-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். 1450 பிபிஎம் என்றால் கிராமுக்கு 1.45 மில்லிகிராம்.

29 கிராமுக்கு 42 மில்லிகிராம். 11 கிலோவுக்கு வகுத்தால் 3.8. போனில் பேசியவர் சரி.

மலர்விழி | 7 ஜூன், மாலை 6.34

ஐயோ. நாலு மணியிலிருந்து அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார் | 7 ஜூன், மாலை 6.50

பாப்பா, திறக்காத டியூபை எடை போட்டுக் கழித்தது பிரமாதம். எனக்குத் தோன்றியிருக்காது. நான் என்றால் அட்டையில் இருக்கும் 100 கிராமிலிருந்து கழித்துவிட்டு வெற்று டியூபின் 14 கிராமை மறந்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. சில டியூபில் கிராம் இருக்காது, மில்லிலிட்டர்தான் இருக்கும். பேஸ்ட் தண்ணீரைவிடக் கனமானது. 75 மில்லி என்பதை 75 கிராம் என்று எடுத்தால் குறைவாகக் காட்டும். இந்தக் கணக்கில் தப்புவதாக இருந்தால் கூடுதல் பக்கம் தப்ப வேண்டும்.

தாத்தா67 | 7 ஜூன், இரவு 7.15

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் கணக்கே கிடையாது. உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைத்துவிடுவோம், எல்லாம் வெளியே வந்துவிடும். பாலும் கொடுக்கலாம், அதில் தப்பில்லை. அரை மணி நேரம் குழந்தை சும்மா இருந்தால் ஆபத்து தாண்டியது என்று அர்த்தம்.

இரவு டியூட்டி | 7 ஜூன், இரவு 7.40

தாத்தா, கோபிக்காதீர்கள். பால் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. மற்ற இரண்டும் வேண்டாம். குழந்தைகள் அவசரப் பிரிவில் இரவு செவிலியராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உப்புத் தண்ணீர்தான் இங்கே உண்மையான விஷம். சின்ன உடம்பில் சோடியம் சட்டென்று ஏறினால் வலிப்பு வரும். பேஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகாத குழந்தைக்கு உப்பால் ஆகிவிடும். விரலை விடுவதும் கூடாது. பேஸ்ட்டில் நுரைக்கும் சோப்புப் பொருள் இருக்கிறது, வாந்தியோடு அந்த நுரை மூச்சுக்குழாயில் போனால் அது தனிக் கதை.

பால் ஏன் என்றால், ஃபுளோரைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து இரைப்பைச் சுவரை அரிக்கும் ஒன்றாக மாறுகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி எல்லாம் அதனால். பாலில் இருக்கும் கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும், இரத்தத்துக்குப் போவது குறையும். தயிரும் செய்யும். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் அதைப் போனிலேயே சொல்லிவிட வேண்டும், கால்சியம் உள்ள அமில முறிவு மருந்து எது, எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள். சீக்கிரம் கொடுப்பதில்தான் பலன். ஆனால் மல்லாக்கப் படுக்க வைத்துத் திணிக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு வாய்வழி எதுவும் வேண்டாம்.

அப்புறம் அந்த அரை மணி. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு சொல்லிவிடும் என்பது உண்மைதான், தாத்தா அங்கே பாதி சரி. ஆனால் அளவு அதிகம் என்றால் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் கிளம்ப வேண்டும். உள்ளே போன ஃபுளோரைடு இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையும் பிடிக்கும். அது இறங்கினால் தசை துடிக்கும், கை விரல் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடம் மாறும். அது வெளியில் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. எங்களிடம் வந்தால் முதலில் ஈசிஜி, பிறகு இரத்தத்தில் கால்சியம். கரி கொடுக்கமாட்டீர்களா என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். கரி ஃபுளோரைடைப் பிடிக்காது.

மலர்விழி | 7 ஜூன், இரவு 8.05

அக்கா, அப்படியானால் காலையில் அவன் எடுத்த வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஃபுளோரைடா?

இரவு டியூட்டி | 7 ஜூன், இரவு 8.20

பிரித்துச் சொல்ல முடியாதும்மா. நுரைப்பொருளே குமட்டும். இனிப்புக்குப் போடும் சார்பிட்டால் வயிற்றை இளக்கும், 29 கிராம் பேஸ்ட்டில் அது கணிசமாகவே இருக்கும். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு விளையாடும் குழந்தை வேறு. திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் நிற்காமல் ஒழுகுவது, துவண்டு போவது வேறு. இரண்டாவதைக் கண்டால் கணக்கு என்ன சொன்னாலும் வண்டியை எடுங்கள்.

நிழல்மரம் | 7 ஜூன், இரவு 9.02

இதற்குத்தான் ஃபுளோரைடே இல்லாத பேஸ்ட் வாங்க வேண்டும் என்று கரடியாய்க் கத்துகிறேன். என் முன்பல்லைப் பாருங்கள், வெள்ளைத் திட்டு, ஓரத்தில் பழுப்பு. சின்ன வயதில் குடித்தது முழுக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மலர்விழி, உங்கள் பையனுக்கும் இனிமேல் இப்படி வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லாண்டு | 7 ஜூன், இரவு 9.40

நிழல்மரம், உங்கள் பல்லும் இவர்கள் வீட்டு இன்றைய காலையும் இரண்டு வேறு விஷயம். உங்களுக்கு நடந்தது வருடக்கணக்கில், தினம் தினம், ஒவ்வொரு வாய்த் தண்ணீரிலும். குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். சில ஆழ்துளைக் கிணறுகள் அதைப் பல மடங்கு தாண்டும். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து அதிகம் போனால்தான் எனாமல் அப்படி வெளுக்கும். ஒரே ஒரு காலையால் அந்தத் திட்டு வருவது அரிது. வரவே வராது என்று எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன், ஆனால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

உண்மையில் எனக்குக் கவலை வேறொன்று. மலர்விழி, பையனுக்குத் தினமும் எந்த பேஸ்ட், எவ்வளவு?

மலர்விழி | 7 ஜூன், இரவு 9.52

எங்களுடையதேதான். விளம்பரத்தில் வருவது மாதிரி பிரஷ் நீளத்துக்கு. அவனுக்குத் துப்பத் தெரியாது.

எழுதும்போதே பதில் புரிகிறது.

பல்லாண்டு | 7 ஜூன், இரவு 10.15

அதேதான். பிரஷ் நீளத்துக்கு வைத்தால் ஒரு கிராம் வரும் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 2.9 மில்லிகிராம் ஃபுளோரைடு. துப்பத் தெரியாதவன் பெரும்பகுதியை விழுங்குவான். எட்டு வயது வரைக்கும் ஒரு நாளைய மேல்வரம்பாகச் சொல்லப்படுவது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். உங்கள் பையனுக்கு 1.1. சாப்பாடு, தண்ணீரில் வருவதையும் சேர்த்து. பாதியை விழுங்கினாலே வரம்பு தாண்டிவிடுகிறது, அதுவும் தினமும். போனில் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள், அவர்கள் வேலை அது இல்லை.

மூன்று வயது வரை அரிசி மணி அளவு. பிரஷ்ஷில் பூசின மாதிரி இருக்கும், சுமார் 0.1 கிராம். முழுவதையும் விழுங்கினாலும் உங்கள் 1450 பேஸ்ட்டிலேயே ஒரு நாளைக்கு 0.3 தான் வரும். மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, அது கால் கிராம். ஈறுக்குள் உருவாகும் நிரந்தர மேல் முன்பற்களுக்கு முதல் மூன்று வருடம்தான் நெருக்கடியான காலம், பையன் இப்போது அதற்குள்தான் இருக்கிறான். பேஸ்ட்டை மாற்றுவதைவிட அளவை மாற்றுங்கள்.

ஃபுளோரைடு இல்லாததற்கு ஏன் போகக் கூடாது என்றால், சொத்தையோடு வரும் இரண்டரை வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவதை நான் பார்க்கிறேன், நிழல்மரம். வெள்ளைத் திட்டு யாரையும் இரவில் அழ வைப்பதில்லை.

நிழல்மரம் | 7 ஜூன், இரவு 10.30

கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நின்றவனிடம் இதைச் சொல்கிறீர்கள்.

பல்லாண்டு | 7 ஜூன், இரவு 10.41

நியாயம். அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மலர்விழி | 8 ஜூன், காலை 7.20

இரவு நன்றாகத் தூங்கினான். நான்தான் தூங்கவில்லை.

திருத்தம் ஒன்று. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவனுடைய பொம்மை லாரி நின்றுகொண்டிருந்தது. பின்தொட்டி நிறைய பேஸ்ட். சரக்கு ஏற்றியிருக்கிறான். சுரண்டி எடுத்துத் தராசில் வைத்தேன், 9 கிராம். அப்படியானால் வயிற்றுக்குப் போனது 20 கிராம், 29 மில்லிகிராம், கிலோவுக்கு 2.6.

கணக்கு வாத்தியார் | 8 ஜூன், காலை 7.45

இரவெல்லாம் காய்ந்திருக்கும், ஈரம் போயிருக்கும். நேற்றைக்கு அது ஒன்பதுக்கு மேல். லாரி டிரைவருக்கு என் வாழ்த்து.

மலர்விழி | 8 ஜூன், காலை 8.10

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் வெட்கக்கேடு. தடவைக்கு ஒரு கிராம் என்று நானாகப் போட்டேனே, இன்று காலை இரண்டு பேரும் பிரஷ்ஷில் பேஸ்ட் வைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்தோம். நான் 0.9. அவர் 1.6! மாதம் ஒரு டியூப் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. 12 தடவையில் ஆளுக்கு ஆறு என்றால் 15 கிராம் எங்கள் கணக்கு. பையன் கணக்கு 17 ஆகக் குறைகிறது, கிலோவுக்கு 2.2. இன்னும் நாலு நாள் போனால் அவன் பேஸ்ட்டைத் தொடவே இல்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறது.

இரவு டியூட்டி | 8 ஜூன், காலை 9.30

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. சிரித்தேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 8.4, 3.8, 2.6, 2.2 என்று நாலு எண் வந்திருக்கிறது. போனில் சொல்ல வேண்டிய எண் இதில் எதுவும் இல்லை, முதலில் வந்த 41 கிராம். அதாவது டியூபிலிருந்து காணாமல் போனது அத்தனையும் குழந்தை வயிற்றில் என்று வைத்துச் சொல்லுங்கள். தரையில் இருந்தது, லாரியில் இருந்தது என்பதைக் கூடுதல் தகவலாகச் சொல்லலாம், நீங்களே கழித்துவிட்டுச் சொல்லாதீர்கள். "பாதி டியூப்கூட இருக்காது" என்று நீங்கள் சொன்னபோது அந்தப் பக்கம் இருந்தவர் நிச்சயம் ஐம்பது கிராம் என்றுதான் எழுதியிருப்பார்.

கணக்கு வாத்தியார் | 8 ஜூன், காலை 9.55

அம்மா, ஐம்பது கிராமுக்கு 72.5 மில்லிகிராம். 11 கிலோவுக்கு 6.6. ஐந்தைத் தாண்டுகிறதே? அப்படி எழுதியிருந்தால் மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருப்பாரே?

இரவு டியூட்டி | 8 ஜூன், காலை 10.20

மாட்டிக்கொண்டேன். வாத்தியார் கேட்டது சரி, நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். வாய், சட்டை, தரை என்று அவர்கள் கேட்டுக் குறைத்திருக்கலாம். எந்த எண்ணுக்கு மேல் அனுப்புவது என்பதில் எல்லா மையமும் ஒரே கோட்டில் நிற்பதும் இல்லை.

பல்லாண்டு | 8 ஜூன், மதியம் 1.05

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்றால், 1987இல் விட்ஃபோர்ட் முன்வைத்த எண் அது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் போயிருந்தால் நச்சு விளைவு வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு உடனே சிகிச்சையும் மருத்துவமனைக் கண்காணிப்பும் தொடங்கு என்பதுதான் அதன் பொருள். ஐந்தில் குழந்தை செத்துவிடும் என்றும் இல்லை, 4.9 என்றால் பத்திரம் என்றும் இல்லை. நான் கோடு போடுவதாக இருந்தால் 3.8-க்கும் பாலும் போனும் கண்காணிப்பும்தான், ஐந்தைத் தொட்டால் கிளம்பிவிடுவேன். என் சக மருத்துவர் ஒருவர் அறிகுறி இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் மேலே வரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்பார். எங்களுக்குள் இது தீராத சண்டை.

வண்ணத்துப்பூச்சி | 8 ஜூன், மாலை 4.30

இழையை முழுவதும் படித்துவிட்டு ஓடிப்போய் எங்கள் அலமாரியைப் பார்த்தேன். மாமனாருக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து எச்சில் சுரப்பு குறைந்துவிட்டது. சொத்தை வராமல் இருக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த பேஸ்ட் இருக்கிறது. அதில் 5000 என்று போட்டிருக்கிறது. மகளுக்கு ஒன்றரை வயது, 10 கிலோ. அவள் கைக்கு எட்டும் தட்டில் இருந்தது.

பல்லாண்டு | 8 ஜூன், மாலை 4.48

முதலில் அதை மேலே ஏற்றிவிட்டு வந்து படியுங்கள்.

அது கிராமுக்கு 5 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு ஐந்தின் கோடு 50 மில்லிகிராம், அதாவது வெறும் பத்துக் கிராம் பேஸ்ட். இரண்டு தேக்கரண்டிகூட வராது. சாதாரணப் பெரியவர்கள் பேஸ்ட்டில் அதே கோட்டுக்கு 34 கிராம் போக வேண்டும், பெரும்பாலான குழந்தைகள் அதற்குள் திகட்டி நிறுத்திவிடும். மலர்விழியின் கதை நல்லபடியாக முடிந்ததற்குப் பாதிக் காரணம் டியூபில் இருந்த எண். இதுவே 5000 ஆக இருந்து 17 கிராம் போயிருந்தால் 85 மில்லிகிராம், பையனுக்குக் கிலோவுக்கு 7.7. பாலைக் கொடுத்துவிட்டு நேராக வண்டிதான்.

தாத்தா67 | 8 ஜூன், மாலை 5.10

எனக்கும் அதே பேஸ்ட்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பேரன் வந்தால் என் அறையில்தான் தூங்குவான். இப்போது அதை இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டேன். உப்புத் தண்ணீர் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார்.

இரவு டியூட்டி | 8 ஜூன், இரவு 7.00

தாத்தா, இரும்புப் பெட்டிச் சாவி எங்கே?

தாத்தா67 | 8 ஜூன், இரவு 7.25

பேரனுக்குத் தெரியும்.

நிழல்மரம் | 9 ஜூன், காலை 6.50

ஒரு சின்னக் கேள்வி. வீட்டில் நாய் உண்டு. தரையில் சிந்தின பேஸ்ட்டை அது நக்கினால்?

பல்லாண்டு | 9 ஜூன், காலை 8.15

பேஸ்ட்டில் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். மனிதக் குழந்தைக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, நாய்க்கு இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். இருந்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மேற்கொண்டு எனக்குத் தெரியாது, என் நோயாளிகள் கடித்தாலும் குரைப்பதில்லை.

மலர்விழி | 9 ஜூன், இரவு 9.10

இரண்டு நாளாக அரிசி மணி அளவுதான். பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறான். டியூப் இப்போது மேல் அலமாரியில். புது டியூபின் மேல் மார்க்கர் பேனாவால் திறந்த தேதியையும் எடையையும் எழுதி வைத்திருக்கிறேன்: 9 ஜூன், 114 கிராம். கணவர் பார்த்துவிட்டு, இது பையனுக்கா எனக்கா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியார் | 9 ஜூன், இரவு 9.26

மூடியோடா, மூடி இல்லாமலா?

மலர்விழி | 9 ஜூன், இரவு 9.40

மூடியோடு. கடித்த டியூபையும் மூடியோடுதான் நிறுத்தேன் என்று நினைக்கிறேன். இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

மலர்விழி | 9 ஜூன், இரவு 9.58

மூடி லாரியின் முன்சீட்டில் இருக்கிறது. 3 கிராம்.